‘பட்டா’ ‘பத்து’ ஆகும்போது: முதுமையில் காது எதை முதலில் விடுகிறது

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், மண்டபத்தில் மாமா வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "மச்சான், பட்டா வாங்கியாச்சா?" என்று கேட்டார். ஊரில் வாங்கிய மனையைப் பற்றிய கேள்வி அது. அப்பா, "பத்தெல்லாம் இல்ல, எட்டுதான் வாங்குனோம்" என்றார். சம்பந்தி வீட்டுக்கு எடுத்த புடவைகளைச் சொல்கிறார். மாமா ஒரு கணம் விழித்தார், அப்புறம் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அதன்பின் அப்பா அன்று யாரிடமும் அதிகம் பேசவில்லை.

அப்பாவுக்கு 71 வயது. வீட்டுக் கூடத்தில் எதிரே உட்கார்ந்து பேசினால் ஒரு சொல் தவறாது. டிவி செய்தி புரிகிறது. தெருவில் காய்கறிக்காரர் கூவினால் எங்களுக்கு முன்னால் எழுந்து போவார். ஆனால் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ‘பீப்’ என்று முடிந்ததைச் சொன்னால் அவருக்குத் தெரியாது. பேத்தி கொலுசோடு ஓடி வந்து பின்னால் நின்றால் தெரியாது. கல்யாண மண்டபம், ஓட்டல், ஓடும் பஸ் ஆகிய மூன்றிலும் அவர் பேச்சை விட்டு ஒதுங்கிவிடுகிறார். "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்பார். வயதானவர்கள் உள்ள வீடுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. பலர் இதைக் கவனக்குறைவு என்றோ, வேண்டாததைக் காதில் போட்டுக்கொள்ளாத சாமர்த்தியம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியம் உள்காதில் நடப்பதை அப்படியே சொல்கிறது. கேட்பது ஒன்று, புரிவது வேறொன்று. முதுமையில் அந்த இரண்டும் ஒரே வேகத்தில் குறைவதில்லை.

கல்யாணம் முடிந்து காது பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். சத்தம் புகாத சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சுருதியிலும் மிக மெல்லிய ஒலியை அனுப்பி, கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்பதை ஆடியோகிராம் என்ற வரைபடத்தில் குறிக்கிறார்கள். ஆரோக்கியமான இளங்காது சராசரியாகக் கேட்கும் மிக மெல்லிய அளவு அதில் 0 டெசிபெல். எண் கூடக் கூட, ஒலி அவ்வளவு பெரிதாக இருந்தால்தான் கேட்கும் என்று பொருள். அப்பாவின் வலது காதில் 500 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 500 தடவை அதிரும் ஒலியில், 15, 1000-இல் 20, 2000-இல் 35, 4000-இல் 55, 8000-இல் 70. இடது காதும் கிட்டத்தட்ட இதே. இடப்பக்கம் சமதரையாகத் தொடங்கி வலப்பக்கம் மலைச்சரிவு போல இறங்கும் கோடு. முதுமையின் கேள்விக்குறைவுக்கு இதுதான் அடையாளம்.

500, 1000, 2000, 4000 ஆகிய நான்கு சுருதிகளின் சராசரி எடுத்தால் 31 டெசிபெல் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 20 முதல் 35-க்குள் இருந்தால் அது ‘லேசான’ குறைவு. 4000-ஐ விட்டுவிட்டு, பழைய வழக்கப்படி முதல் மூன்றை மட்டும் கூட்டினால் 23-தான் வரும். பழைய கணக்கில் அது இயல்பான காது! இந்தச் சராசரி எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் சிக்கல் முழுவதும் கோட்டின் சரிவில் இருக்கிறது, சராசரியோ அந்தச் சரிவைத்தான் மறைக்கிறது.

இந்த எண்களைப் பேச்சின் மேல் வைத்துப் பார்க்கலாம். பட்டம், சட்டம், கட்டம், வட்டம் என்ற நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் ஓசையின் பெரும்பகுதி ஒன்றே. ‘அ’ என்ற உயிரொலியும் கடைசி ‘ம்’மும் தாழ்ந்த சுருதியில், வலுவாக, நீண்டு ஒலிக்கின்றன. ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரிப்பது முதல் மெய் மட்டும்தான். அந்த மெய் ஒரு நொடியில் சில நூறில் ஒரு பங்குதான் நீடிக்கும், உயிரைவிட மிக மெல்லியது. ‘ச’வின் உரசல் பெரும்பாலும் 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ‘ட’வையும் ‘த’வையும் பிரித்துக் காட்டும் நுணுக்கமோ பெரிதும் 2000-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் கிடக்கிறது. ஆக, பேச்சின் கனம் கீழே, பொருள் மேலே.

நேரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசும்போது உயிரொலிகள் ஆடியோகிராம் கணக்கில் 45, 50 டெசிபெல் அளவில் வந்து சேரும். 500 ஹெர்ட்ஸில் 15 டெசிபெலே போதும் என்ற அப்பாவுக்கு அது தாராளம். அதனால்தான் சத்தம் நன்றாகக் கேட்கிறது. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள மெய்யொலிகள் 25, 35 டெசிபெலில்தான் வருகின்றன. அங்கே அவருக்கு 55 வேண்டும். அவை அவருக்கு வந்து சேருவதே இல்லை. குழந்தைகளின் வாய் சிறியது, அவர்களுடைய ‘ஸ’வும் ‘ச’வும் இன்னும் மேலே ஏறி நிற்கின்றன. பேத்தி பேச்சு மகன் பேச்சைவிடக் கடினமாக இருப்பது அதனால்தான். பாசக்குறைவு ஏதும் இல்லை.

கொசுவின் ரீங்காரம் மிக உயர்ந்த சுருதி என்று நினைப்போம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் பெண், சிறகடிப்பது நொடிக்கு ஏறக்குறைய 400 முதல் 600 தடவைதான். அப்பாவின் காது நன்றாக வேலை செய்யும் பகுதி அது. கொசு கேட்கிறது என்பதால் காது சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

சரி, சரிவு ஏன் எப்போதும் உயர்ந்த சுருதிப் பக்கத்தில் தொடங்குகிறது?

உள்காதில் காக்ளியா என்ற நத்தை வடிவக் குழாய் இருக்கிறது. இரண்டரைச் சுற்றுச் சுருண்டது, நீட்டினால் 35 மில்லிமீட்டர். அதன் நீளத்துக்கு ஒரு சவ்வு ஓடுகிறது. ஒலி உள்ளே வரும் வாசல்பக்கம் சவ்வு குறுகலாக, விறைப்பாக இருக்கும். கடைசி நுனிப்பக்கம் அகலமாக, தளர்வாக இருக்கும். விறைப்பான இடம் உயர்ந்த சுருதிக்கும் தளர்வான இடம் தாழ்ந்த சுருதிக்கும் அசையும். ஹார்மோனியக் கட்டைகளைப் போல ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம். வாசலிலிருந்து முதல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர், முழுக்க 4000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளுக்கு. 1000 ஹெர்ட்ஸின் இடம் 21 மில்லிமீட்டர் தாண்டித்தான் வருகிறது.

ஒலி இந்தச் சவ்வில் அலையாக ஓடுவதைக் கண்டுபிடித்தவர் ஹங்கேரியில் பிறந்த கியோர்க் ஃபான் பெகேசி. 1961-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பார்த்தது இறந்தவர்களின் காதுகளை. அந்தக் காதுகளில் அலை மந்தமாக, அகலமாக எழுந்தது. ஒரு சுருதிக்கு ஒரு பெரிய பகுதியே சேர்ந்து அசைந்தது. உயிருள்ள மனிதரோ மிக நெருங்கிய இரண்டு சுரங்களைக்கூடப் பிரித்தறிகிறார். அந்த அகலமான அசைவிலிருந்து இவ்வளவு கூர்மை எப்படி வருகிறது? காது வெறுமனே வாங்கிக்கொள்ளும் கருவியாக இருக்க முடியாது, உள்ளே ஏதோ ஒன்று ஒலிக்கு விசை கூட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று தாமஸ் கோல்ட் 1948-இலேயே சொன்னார். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1978-இல் டேவிட் கெம்ப் காதுக்குள் ஒலிவாங்கியை வைத்து, காது தானே மெல்லிய ஒலியை வெளியே அனுப்புவதைப் பதிவு செய்தார். பிறந்த குழந்தையின் காதை இன்று தூக்கத்திலேயே சோதிப்பது பெரும்பாலும் அந்த ஒலியை வைத்துத்தான்.

விசை கூட்டுவது சவ்வின் மேல் அமர்ந்திருக்கும், முடி போன்ற நுண்ணிழைகள் கொண்ட வெளிமுடிச் செல்கள். ஒரு காதில் ஏறக்குறைய 12,000 இருக்கின்றன. ஒலி வரும்போது இவை அதே வேகத்தில் குறுகியும் நீண்டும் சவ்வை உந்துகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவதைப் போன்ற வேலை. மெல்லிய ஒலியை 40, 50 டெசிபெல் வரை தூக்கிவிடும், அதுவும் அந்தச் சுருதிக்குரிய குறுகிய இடத்தில் மட்டும். கேட்டதை மூளைக்கு அனுப்புவது வேறு செல்கள், உள்முடிச் செல்கள், சுமார் 3,500. இந்த இரண்டு வகையும் மனிதருக்குப் பிறப்பில் கிடைத்ததோடு சரி. இறந்த செல்லுக்குப் பதிலாக இன்னொன்று முளைப்பதில்லை.

முதலில் போவது வாசல்பக்கத்து வெளிமுடிச் செல்கள். எல்லா ஒலியும் வாசலைக் கடந்துதான் போகவேண்டும், அதனால் வாசற்படிக் கல் தேய்வது போல அங்கே தேய்கிறது என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, முழு விளக்கம் அதில் இல்லை. தாழ்ந்த ஒலி வாசலைக் கடக்கும்போது அங்கே சவ்வு மிகக் குறைவாகவே அசைகிறது. இதைவிட உறுதியான தடயம் ஒன்று உண்டு. ஆய்வகத்தில் விலங்குகளின் காக்ளியாவிலிருந்து இந்தச் செல்களை எடுத்து, ஒலி எதுவும் இல்லாமல் கிண்ணத்தில் வைத்தாலும், வாசல்பக்கச் செல்கள்தான் முதலில் சாகின்றன. செல் வேலை செய்யும்போது உண்டாகும் நச்சுக் கழிவுகளைச் சமாளிக்கும் குளுடாதையோன் என்ற பொருள் அவற்றில் நுனிப்பக்கச் செல்களைவிடக் குறைவு. ஜென்டாமைசின் வகை ஊசிகளும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் காதைக் கெடுக்கும்போது உயர்ந்த சுருதியிலேயே தொடங்குவதும் இதே இடத்தின் பலவீனத்தால்தான். இதனோடு வாழ்நாள் முழுவதும் கேட்ட விசைத்தறி, லாரி, பட்டாசு, ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. இறந்தவர்களின் 120 காதுகளைப் பாஸ்டன் ஆய்வாளர்கள் செல் செல்லாக எண்ணிப் பார்த்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். முதுமையின் கேள்விக்குறைவுக்குப் பெரும் காரணம் காக்ளியாவுக்கு மின்விசை தரும் திசு நலிவது என்று அதுவரை பலர் நம்பினார்கள். அந்த எண்ணிக்கையோ முடிச்செல் இழப்பையே காட்டியது.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், மேல் சுருதி போனது, மெய்யொலி போனது, அதனால் புரியவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் பழைய தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். லேண்ட்லைனில் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே வராது. நல்ல காதுள்ள நாமும் அதில் பேசும்போது மேல் சுருதி இழந்தவர்கள்தான். இருந்தும் பல்லாண்டுக் காலம் வியாபாரம், காதல், சண்டை எல்லாம் அதில் நடந்தன. முன்பின் தெரியாத பெயரைச் சொல்லும்போது மட்டும் எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியென்றால் மேல் சுருதி இல்லாமலும் பேச்சு புரியும். அப்பா வீட்டுக் கூடத்தில் சமாளிப்பதும் இதனால்தான். மெய்யொலி கேட்காவிட்டாலும் அடுத்த உயிரொலியின் தொடக்கத்தில் அதன் சாயல் இருக்கும், உதடு தெரியும், வாக்கியம் எங்கே போகிறது என்பதும் தெரியும். பேச்சு ஒரே செய்தியைப் பல இடங்களில் தடயமாக விட்டுச் செல்கிறது. ஒன்று தவறினால் இன்னொன்று கைகொடுக்கும்.

மண்டபத்தில் அந்த இன்னொன்றும் போய்விடுகிறது. ஜெனரேட்டர், மின்விசிறி, நூறு பேர் பேசும் இரைச்சல் ஆகியவற்றின் வலு தாழ்ந்த சுருதியில்தான் இருக்கிறது. அவை பேச்சின் கீழ்ப்பகுதித் தடயங்களை மூடுகின்றன. இளைஞருக்கு அப்போது மேல் சுருதித் தடயங்கள் மிச்சம் இருக்கும், அவற்றைப் பிடித்துக்கொண்டு போவார். அப்பாவிடம் அந்தக் கையிருப்பு இல்லை. இரைச்சல் கீழே தின்கிறது, வயது மேலே தின்றுவிட்டது. நடுவில் மிஞ்சும் துண்டுதான் ‘பட்டா’வா ‘பத்தா’ என்று தெரியாத அந்த ஓசை.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. அதை ஆடியோகிராம் காட்டாது. வெளிமுடிச் செல்கள் போனால் ஒலியின் பலம் மட்டும் குறைவதில்லை, சுருதிகளைப் பிரிக்கும் கூர்மையும் போகிறது. சவ்வு பெகேசி பார்த்த அகலமான அசைவை நோக்கித் திரும்புகிறது. இரைச்சலும் பேச்சும் தனித்தனி இடங்களில் விழாமல் ஒன்றின்மேல் ஒன்று வழிகின்றன. தாழ்ந்த இரைச்சல் அலை தன் இடத்துக்குப் போகும் வழியில் வாசல்பகுதியைக் கடக்கிறது அல்லவா? பலமான இரைச்சலென்றால் அந்த வழியிலேயே உயர்ந்த சுருதிகளை மூடிவிட்டுப் போகும். உந்தித் தூக்கும் செல்கள் இருந்தவரை மெல்லிய மெய்யொலி அதற்கு ஈடு கொடுத்தது. இப்போது முடிவதில்லை. இளங்காது இரைச்சல் ஏறி இறங்கும் இடைவெளிகளில் எட்டிப் பார்த்துச் சொல்லைப் பொறுக்கிக்கொள்ளும். அகலமான, மந்தமான காதுக்கு அந்த இடைவெளிகளும் நிரம்பியே இருக்கின்றன.

இந்தச் செல்களின் இழப்பு இன்னொரு விதத்திலும் வீட்டில் வெளிப்படும். மெல்லியதைத் தூக்கும் வேலைதான் நின்றது. பெரிய ஒலிக்கு இந்தத் தூக்கல் முன்பும் தேவைப்படவில்லை, இப்போதும் தேவையில்லை. ஆகவே மெல்லிய ஒலி கேட்காது, பெரிய ஒலியோ நமக்குக் கேட்கும் அதே அளவு காதில் அறையும். இடையில் உள்ள வெளி சுருங்கிவிடுகிறது. "என்ன?" என்று கேட்டவரிடம் கத்திச் சொன்னால் "ஏன் கத்துற?" என்று கோபிப்பார்கள். இரண்டும் உண்மை. கத்துவதால் உயிரொலிதான் பெருக்கிறது, ‘ச’வும் ‘த’வும் அந்த அளவுக்குப் பெருப்பதில்லை.

நரம்பின் கதை தனி. 2009-இல் ஷரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளுக்குப் பலத்த ஒலி கொடுத்துப் பார்த்தார்கள். சில நாளில் கேட்கும் அளவு பழையபடி திரும்பியது, முடிச்செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் பாதி வரை அற்றுப் போயிருந்தன. வயதாவதாலும் இந்த முனைகள் குறைகின்றன. அமைதியான அறையில் ஒரு ‘பீப்’ கேட்க மிஞ்சிய நரம்புகளே போதும். இரைச்சலில் சொல்லைப் பிரிக்கத்தான் நிறைய வேண்டும். இறந்தவர்களின் காதுகளிலும் இந்த இழப்பைப் பார்த்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவரிடம் அதை நேரடியாக அளக்க வழி இன்னும் இல்லை. ஒரே ஆடியோகிராம் உள்ள இரண்டு பேரில் ஒருவர் ஓட்டலில் சமாளிக்க, மற்றவர் திணறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே பரிசோதனைக்குப் போகும்போது இரைச்சலுக்கு நடுவே சொற்களைக் கேட்கவைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டா என்று கேளுங்கள். நல்ல காதுள்ளவர் பேச்சு இரைச்சலைவிடச் சில டெசிபெல் கீழே இருந்தாலும் பாதி வாக்கியத்தைப் பிடித்துவிடுவார். இத்தகைய குறைவு உள்ளவருக்குப் பேச்சு இரைச்சலைவிட மேலே இருக்கவேண்டும். வித்தியாசம் 4, 5 டெசிபெல்தானே என்று தோன்றும். ஆனால் அந்த எல்லையில் ஒவ்வொரு டெசிபெலுக்கும் புரிதல் 10 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கும். ஐந்து டெசிபெல் என்றால் பாதிக் கதை.

ஹியரிங் எய்டு எதைத் தரும், எதைத் தராது என்பதும் இதிலிருந்தே புரியும். சரிவுக்கு ஏற்றபடி மேல் சுருதியை மட்டும் கூட்டி, மெல்லியதை அதிகமும் பெரியதைக் குறைவாகவும் உயர்த்தித் தரும்படி அதை அமைப்பார்கள். கேட்காமல் போன மெய்யொலி மறுபடி கேட்கும். அப்பா மாட்டிக்கொண்ட முதல் நாள், செய்தித்தாள் மடிக்கும் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்றார். இழந்த கூர்மையை அது திருப்பித் தராது. பிரிக்கும் வேலை உள்காதுடையது, கருவி காதின் வாசலோடு நின்றுவிடுகிறது. எதிரே இருப்பவரை நோக்கித் திரும்பும் மைக் இரைச்சலில் சில டெசிபெல் லாபம் தரும். பேசுபவர் சட்டையில் மாட்டும் தனி மைக் இன்னும் நிறையத் தரும்.

ஒன்றை மட்டும் முதுமைக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. முதுமையின் குறைவு இரண்டு காதிலும் ஒரே மாதிரி, ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும். ஒரு காது மட்டும் மந்தமானால், ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாளில் கேட்காமல் போனால், சீழோ தலைச்சுற்றலோ சேர்ந்தால், அது வேறு நோய். திடீரென்று கேட்காமல் போவதற்கு ஸ்டீராய்டு மருந்து உண்டு. நாட்கள் கடக்கக் கடக்க அது பலன் தருவது குறையும், ஆகவே அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகவேண்டும்.

அடுத்த கல்யாணத்தில் அப்பாவை ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, சுவருக்கு முதுகு காட்டி உட்கார வைத்தோம். திறந்தவெளியில் பேசுபவரின் தூரம் பாதியானால் அவர் குரல் 6 டெசிபெல் ஏறும். எதிரொலிக்கும் மண்டபத்தில் அவ்வளவு கிடைக்காது, ஆனால் கைக்கெட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டால் பெரும்பகுதி கிடைக்கும். மாமா இந்த முறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முழங்கால் இடிக்கும் நெருக்கத்தில் முகம் பார்த்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தாமல், "மனைக்குப் பட்டா வாங்கியாச்சா மச்சான்?" என்று கேட்டார். ‘மனை’ என்ற சொல் முன்னால் வந்ததால் ‘பத்து’க்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று. "தாசில்தார் ஆபீஸ்ல இன்னும் இழுக்கிறாங்கப்பா" என்று தொடங்கி அப்பா அரைமணி நேரம் பேசினார்.